இரவுச் சாப்பாடு: லா ஷப்பல், பாரிஸ்

இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் பிரெஞ்சு. சாப்பாட்டின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். முன்பு சொதியைத் 'தேங்காய்ப்பால் சூப்' என்று எழுதியிருந்தோம். வந்தவர்கள் அதைக் கரண்டியால் குடித்து முடித்துவிட்டு, இடியப்பத்தை வெறுமையாக மென்றார்கள். பெயர் வாயில் வராவிட்டால் விரலால் காட்டுங்கள், போதும்.

இடியப்பம், சொதி, சம்பல் — 9 யூரோ
சிவப்பரிசி மாவைக் கொதிநீரில் குழைத்து, உரலில் பிழிந்து, ஆவியில் அவித்தது. கோதுமை மா கலப்பதில்லை. சொதி தேங்காய்ப்பாலில் மஞ்சள், வெந்தயம், பச்சை மிளகாய் போட்டது. அடுப்பால் இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிவோம். மேலே ஊற்றி, ஊறவிட்டு, கையால் சாப்பிடுங்கள். முதல்முறை வருபவர்கள் இங்கே தொடங்கலாம்.

புட்டும் ஆட்டிறைச்சிக் குழம்பும் — 15 யூரோ
எலும்போடுதான் தருவோம், ருசி அங்கேதான் இருக்கிறது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் கருக வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள். தட்டில் மிஞ்சிய குழம்பைப் பாணால் துடைத்துச் சாப்பிடுவீர்களே, இங்கே அந்த வேலையைப் புட்டு செய்யும்.

ஒடியல் கூழ் — 18 யூரோ, சனிக்கிழமை மட்டும்
மார்செய்க்காரருக்குப் பூயாபேஸ் என்ற மீன் சூப் எப்படியோ, எங்களுக்குக் கூழ் அப்படி. ஆனால் இதில் குங்குமப்பூ இல்லை. புளியும் செத்தல் மிளகாயும்தான். மீன், நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றோடு பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் வேகும். தடிப்பைக் கொடுப்பது ஒடியல் மா, அதாவது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. அதைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்துத்தான் சேர்க்கிறோம். அப்படியும் ஒரு சின்னக் கசப்பு தொண்டையில் நிற்கும். அது பிழையில்லை, அதுதான் கூழ். ஊரில் பனையோலைப் பிளாவில் குடிப்போம். இங்கே மண்சட்டியில் வரும். நண்டை உடைக்க வெட்கப்பட வேண்டாம், துவாய் தருவோம். மீன், ஓட்டு மீன் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

கொத்து ரொட்டி — 12 யூரோ
உள்ளே கேட்கிற டக்டக் சத்தம் இதுதான். மரக்கறி, முட்டை, கோழி: எது வேண்டுமோ சொல்லுங்கள்.

உறைப்பைப் பற்றி ஒரு சொல்: கூழிலும் இறைச்சியிலும் குறைக்க மாட்டோம், குறைத்தால் வேறு சாப்பாடாகிவிடும். எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். சொதி கேளுங்கள், காசில்லை.

பிளேன்டீ, பனங்கட்டி — 3 யூரோ
தேநீரில் சீனி போட மாட்டோம். கட்டியை ஒரு கடி, தேநீர் ஒரு மிடறு. சீனிக் கட்டியைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.