கணிதத் தேர்வு நாள்: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான சரிபார்ப்புப் பக்கம்

தக்கலை சுற்றுவட்டாரத்திலிருந்து பொதுத்தேர்வு எழுதச் செல்லும் நம் பள்ளி மாணவ மாணவியருக்காகக் கணித ஆசிரியர் தயாரித்தது. தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஒருமுறையும், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறையும் இதை வாசியுங்கள். தேர்வு மையத்துக்கு மட்டும் கொண்டுவர வேண்டாம்; எழுத்துள்ள எந்தத் தாளும் அறைக்குள் உங்களுக்குத் தொல்லைதான்.

முந்தைய மாலை எடுத்து வைக்க வேண்டியவை

நுழைவுச்சீட்டை நிறமற்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஏனெனில் கோடை மழை நம் மாவட்டத்தில் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரே வகையான நீல மைப் பேனா இரண்டு, அல்லது கருப்பு மைப் பேனா இரண்டு போதும்; எழுதுவதற்கும் அடிக்கோடிடுவதற்கும் இந்த இரு நிறங்களைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும். புதுப் பேனாவை அன்றுதான் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாமல், அரைப் பக்கமாவது எழுதிப் பழகிய பேனாவைக் கொண்டு செல்லுங்கள்.

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கவராயத்தின் திருகு இறுக்கமாக இருக்கிறதா, அதில் மாட்டும் பென்சில் சீவப்பட்டிருக்கிறதா, பாகைமானியின் எண்கள் அழியாமல் தெரிகின்றனவா, அளவுகோலின் முனை உடையாமல் இருக்கிறதா என்பவற்றைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். நான் அறைக் கண்காணிப்பாளராக இருந்த ஓர் ஆண்டில், தொடுகோடு வரைந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தியின் கவராயம் வட்டத்தின் பாதியிலேயே விரிந்துவிட, அவள் அழித்து அழித்து மூன்று முறை வரைந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஒரு திருகைக் கால் சுற்று இறுக்கியிருந்தால் அந்தப் பத்து நிமிடமும் அவளுக்கு மிஞ்சியிருக்கும். மூலைமட்டங்கள் இரண்டு, சீவிய பென்சில் இரண்டு, அழிப்பான், பென்சில் சீவி ஆகியவற்றையும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். வரைபடத்தாளை மையத்திலேயே தருவார்கள்.

தண்ணீருக்கு நிறமில்லாத பாட்டிலை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிடுங்கள். கைபேசி, கால்குலேட்டர், ஸ்மார்ட் வாட்ச் ஆகியவை வீட்டிலேயே இருக்கட்டும்.

காலையும் பயணமும்

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கினாலும் 9.15-க்கு மைய வாசலில் நிற்பது என்று கணக்கிட்டுக் கிளம்புங்கள். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து வருபவர்கள் வழக்கமான பேருந்துக்கு முந்தைய பேருந்தைப் பிடிப்பது நல்லது. மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலையும், குறுகிய சாலையில் முன்னே ஊர்ந்து செல்லும் டாரஸ் லாரியையும், மூடிக்கிடக்கும் ரயில்வே கேட்டையும் யாரும் முன்கூட்டி அறிய முடியாது. கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வணங்கிவிட்டுப் போக நினைப்பவர்கள் அதற்குரிய நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலை உணவு பழகியதாக இருக்கட்டும். இட்லியோ, புட்டும் பயறுமோ, அதோடு ஒரு மட்டிப்பழமோ போதுமானது. பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வருபவர்கள்தான் பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டலில் தவறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் வைத்து “எல்லாம் படிச்சிட்டியா?” என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் நல்ல பதில் இருக்காது.

முதல் பதினைந்து நிமிடங்கள்

10.00 முதல் 10.10 வரை வினாத்தாளை வாசிப்பதற்கும், 10.10 முதல் 10.15 வரை விடைத்தாளின் முகப்புத்தாளில் உங்கள் விவரங்களைச் சரிபார்ப்பதற்கும் தரப்படும் நேரம். வாசிக்கும்போது 44 வினாக்களும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, குறை இருந்தால் அப்போதே கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். பிறகு 28-ஆம், 42-ஆம் வினாக்களை முதலில் வாசியுங்கள், ஏனெனில் அவை இரண்டும் கட்டாய வினாக்கள். மற்றவற்றில் எவற்றை எழுதுவது என்பதையும் மனத்துக்குள் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பகுதிவாரியாக நேரம்

10.15-லிருந்து 1.15 வரை 180 நிமிடங்கள், 100 மதிப்பெண்கள். பகுதி ஒன்றின் 14 ஒரு மதிப்பெண் வினாக்களை 10.30-க்குள் முடியுங்கள்; குறியீட்டை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரு வினாவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் இடம் விட்டு நகர்ந்துவிடுங்கள். பகுதி இரண்டில் பத்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நிமிடம் என்று 11.05-க்கு முடியும்.

அடுத்து பகுதி மூன்றுக்குப் போகாமல் பகுதி நான்கை எடுங்கள் என்று நான் சொல்வதை எல்லா ஆசிரியர்களும் ஏற்பதில்லை. ஆனால் 43-ஆவது வினாவின் வடிவியலும் 44-ஆவது வினாவின் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண்கள். அவற்றைக் கடைசி மணி அடிக்கப்போகும் பதற்றத்தில், நடுங்கும் விரல்களோடு வரைந்தால் கோடு புள்ளியில் உட்காராது. வினா எண்ணைச் சரியாக இட்டுவிட்டால் எந்த வரிசையிலும் எழுதலாம். 11.05 முதல் 11.40 வரை 35 நிமிடங்களை இதற்கு ஒதுக்குங்கள். வடிவியலில் உதவிப்படத்தையும் வரைமுறைப் படிகளையும், வரைபடத்தில் இரு அச்சுகளின் அளவுத்திட்டத்தையும் அட்டவணையையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

11.40 முதல் 1.00 வரை பகுதி மூன்று. பத்து ஐந்து மதிப்பெண் வினாக்கள், ஒன்றுக்கு எட்டு நிமிடம். இங்கேதான் 50 மதிப்பெண்கள் இருக்கின்றன. எனவே நன்றாகத் தெரிந்ததில் தொடங்கி, 42-ஆம் வினாவை நடுவிலேயே எழுதிவிட்டு, ஐயமுள்ளவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கணக்கு முழுமையாக வராவிட்டாலும் சூத்திரம், பிரதியிடல், வந்த வரையிலான படிகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். படிகளுக்கும் மதிப்பெண் வழங்கப்படுகிறது. தவறான ஒரு படியை ஒரே கோட்டால் அடித்துவிட்டுத் தொடரலாம். மனம் உடைந்து எழுதியதையெல்லாம் அடித்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. அது ஒழுங்கீனமாகக் கருதப்படும்.

மீதமுள்ள 15 நிமிடங்களில் வினா எண்கள், அலகுகள், கழித்தல் குறிகள், கட்டாய வினாக்கள் ஆகியவற்றைப் பாருங்கள். வரைபடத்தாள் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

மனத்தை அமைதிப்படுத்த இரண்டு நிமிடம்

இருக்கையில் அமர்ந்து, வினாத்தாள் வருவதற்கு முன் செய்யுங்கள். இரு பாதங்களையும் தரையில் முழுவதுமாகப் பதித்து, கைகளைத் தொடை மீது வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம் ஆகும். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிவதால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். பிறகு இரு கைகளையும் ஐந்து எண்ணும் வரை இறுக மூடி, சட்டென்று தளர்த்துங்கள். மூன்று முறை போதும். பக்கத்து வரிசையில் யாராவது சூத்திரத்தை முணுமுணுத்தால் கரும்பலகையைப் பாருங்கள்.

தேர்வின் நடுவே படித்த கணக்கு மறந்துபோனால், பேனாவைக் கீழே வைத்து, இதே மூச்சை மூன்று முறை விட்டு, அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள். அரை நிமிடம் செலவாகும், அவ்வளவுதான். மறந்தது பெரும்பாலும் இரண்டு வினாக்கள் கழித்துத் தானே திரும்பி வரும்.

1.15-க்கு விடைத்தாளைக் கொடுத்த பின் நுழைவுச்சீட்டை மேசையில் விட்டுவிடாமல் மறுபடியும் உறைக்குள் வையுங்கள். அடுத்த தேர்வுக்கும் அதே சீட்டுத்தான்.