மார்ஃபின் கொடுத்த பிறகு எதைப் பார்ப்பது?
வலி மேலாண்மைப் பயிற்சி: அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ்களுக்கான பாடக் குறிப்பு

முதலில் ஒரு கேஸ் ஷீட். பாடத்துக்காக நான் அமைத்தது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு வரியையும் ஏதோ ஒரு வார்டில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

62 வயது அம்மா, எடை 54 கிலோ. பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரவு. கிரியாட்டினின் 2.1. மூக்குக் குழாயில் ஆக்சிஜன் 4 லிட்டர் ஓடுகிறது.

இரவு 9.30: வலி 8/10. மார்ஃபின் 3 மி.கி. ஐ.வி.
9.50: வலி 7/10. மீண்டும் 3 மி.கி.
10.10: வலி 6/10. மீண்டும் 3 மி.கி.
10.40: குமட்டல். புரோமெத்தசின் 25 மி.கி. ஐ.வி.
11.30: தூங்குகிறார். மூச்சு 18, சாச்சுரேஷன் 97. "நோயாளி நலம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "ரெண்டு நாளா தூங்கவே இல்லை சிஸ்டர், இப்பத்தான் நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாங்க" என்கிறார். நள்ளிரவு 12 மணிக்கு இன்னொரு சிஸ்டர் வந்து, கையைத் தொடாமல், வாட்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறார். மூச்சு 7.

அப்படியானால் 11.30-க்கு எழுதிய அந்த 18 எங்கிருந்து வந்தது? நம் வார்டு சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல்காரருக்கும் 18, ஹெர்னியாக்காரருக்கும் 18. எண்ணாமல் எழுதும்போது கை தானாகப் போகிற எண் அது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் அப்படி எழுதிய காலம் உண்டு. ஆனால் ஓபியாய்டு போகிற நோயாளிக்கு அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

சாச்சுரேஷன் 97 ஏன் நம்மை ஏமாற்றுகிறது

ஓபியாய்டு மூளைத்தண்டில் மூச்சைக் கட்டுப்படுத்தும் இடத்தில் போய் வேலை செய்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் வேகமாக மூச்சு வாங்க வேண்டும் என்பது உடம்பின் இயல்பு. ஓபியாய்டு அந்தத் தூண்டுதலை மழுங்கடித்துவிடுகிறது. மூச்சின் எண்ணிக்கை குறைகிறது, ஆழமும் குறைகிறது, தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரிகிறது. கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகிறது.

பல்ஸ் ஆக்சிமீட்டருக்குக் கரியமில வாயு தெரியாது. வெறும் காற்றைச் சுவாசிப்பவருக்கு மூச்சு குறைந்தால் சாச்சுரேஷன் சீக்கிரமே இறங்கிவிடும். 4 லிட்டர் ஆக்சிஜன் ஓடும்போது, நிமிடத்துக்கு ஏழெட்டு மூச்சு விட்டாலே 97-ஐத் தக்கவைத்துக்கொள்ளலாம். அது இறங்கத் தொடங்கும்போது நம் கையில் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அதனால் ஆக்சிஜன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆக்சிஜன் போகிறது என்றால் அந்த எண்ணை நம்பி நகர்ந்துவிடாதீர்கள், அவ்வளவுதான். கேப்னோகிராஃப் இருக்கிற இடத்தில் அதை மாட்டுங்கள். இல்லாத இடத்தில் உங்கள் கண்ணும் வாட்சும்தான் கேப்னோகிராஃப்.

மூச்சுக்கு முன்னால் விழிப்பு குறையும்

இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஓபியாய்டால் மூச்சு மந்தப்படுவதற்கு முன்னால் பெரும்பாலும் செடேஷன் அதிகமாகும். எவ்வளவு எளிதாக எழுகிறார், எழுந்தபின் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறார் என்று பார்த்தால், மூச்சு குறையும்முன்பே பிடித்துவிடலாம்.

பாசெரோ என்ற அமெரிக்க வலி மேலாண்மை நர்ஸ் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம்:

தூ: சாதாரணத் தூக்கம், கூப்பிட்டால் எளிதாக எழுகிறார். சரி.
1: விழித்திருக்கிறார், தெளிவாக இருக்கிறார். சரி.
2: லேசான தூக்கக் கலக்கம், எளிதாக எழுகிறார். சரி.
3: எழுப்பினால் எழுகிறார், ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிறார். சரியில்லை. அடுத்த டோஸ் கிடையாது. டாக்டரைக் கூப்பிட்டு டோஸை 25 முதல் 50 சதவீதம் வரை குறைப்பது பற்றிப் பேச வேண்டும். 2-க்குத் திரும்பும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
4: குரலுக்கும் உலுக்கலுக்கும் அசைவில்லை, அல்லது மிகக் குறைவு. அவசரம்.

2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். "அம்மா" என்று கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து "ம்" என்றால் 2 என்று எழுதிவிடுகிறோம். அது போதாது. இரண்டு வாக்கியம் பேச வைக்கிற கேள்வியாகக் கேளுங்கள்: "வீட்டில் யார் யார் இருக்காங்க? இன்னைக்கு யார் பார்க்க வந்தாங்க?" "பெரியவன் வந்தான், சின்னவன் நாளைக்கு..." என்று தொடங்கி, நடுவிலேயே இமை சரிந்து வார்த்தை நின்றுபோனால் அது 3. வலி எவ்வளவு என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் "எட்டு" என்பார். அந்த எட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்த டோஸ் போடுவதுதான் பெரிய ஆபத்து. வலி எண்ணும் செடேஷன் எண்ணும் சேர்ந்துதான் சார்ட்டில் ஏற வேண்டும்.

தூங்குகிறவரை எழுப்ப மனசு வராது, உறவினரும் முறைப்பார். வரிசை இதுதான்: முதலில் தொடாமல், பேசாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை 60 விநாடி எண்ணுங்கள். எழுப்பிவிட்டு எண்ணினால் பேச்சும் அசைவும் மூச்சைத் தூண்டிவிடும், பொய்யான எண் கிடைக்கும். ஆழமும் சீரும் எப்படி, நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம் கூப்பிடுங்கள். மூச்சு சீராக, நல்ல எண்ணிக்கையில் இருந்து, பெயர் சொன்னதும் புரண்டு பதில் சொன்னால் தூங்கவிடலாம்.

குறட்டை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஓபியாய்டு கொடுத்த பிறகு வரும் குறட்டை, மூச்சுப்பாதை பாதி அடைத்திருப்பதன் சத்தம். குறட்டை விட்டு, திடீரென்று அமைதியாகி, பிறகு திக்கென்று மூச்சு இழுத்தால் அங்கேயே நில்லுங்கள். கூர்ந்து சுருங்கிய கண்மணி சந்தேகத்தை வலுப்படுத்தும். அது இல்லாவிட்டாலும் ஓபியாய்டு இல்லை என்று சொல்ல முடியாது.

கொடுப்பதற்கு முன்

நம்மிடம் வரும் மார்ஃபின் ஆம்ப்யூலில் 1 மி.லி.க்கு 10 மி.கி.யும் உண்டு, 15 மி.கி.யும் உண்டு. லேபிளைப் படிக்காமல் உடைக்க வேண்டாம். 15 மி.கி. ஆம்ப்யூல் என்றால் 14 மி.லி. சலைன் சேர்த்து 15 மி.லி. ஆக்குங்கள், 1 மி.லி.யில் 1 மி.கி. 10 மி.கி. ஆம்ப்யூல் என்றால் 9 மி.லி. சலைன், அதே 1 மி.கி. சிரிஞ்சில் மருந்தின் பெயரும் செறிவும் எழுதி ஒட்டுங்கள். டாக்டர் "மூணு கொடுங்க" என்றால் மி.கி.யா மி.லி.யா என்று திருப்பிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். வாய் வழி 30 மி.கி. மார்ஃபினும் ஐ.வி. 10 மி.கி.யும் ஏறத்தாழ சமம். மாத்திரை அளவை அப்படியே நரம்பில் ஏற்றினால் மூன்று மடங்கு.

ஐ.வி. மார்ஃபின் முழு வீச்சுக்கு வர 15–20 நிமிடம் ஆகும், ஃபென்டனில் சில நிமிடத்திலேயே வந்துவிடும். ரெகவரியில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1–2 மி.கி. கொடுக்க முடிவது, ஒருவர் தலைமாட்டிலேயே நிற்பதால். வார்டில் அந்த வசதி இல்லை. கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனால், மருந்து உச்சத்துக்கு வரும் நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டோம். நம் சார்ட்டின்படி ஐ.வி. டோஸுக்குப் பிறகு முதல் 20 நிமிடம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த மணி நேரம் முடியும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு 12 மணி நேரம் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் 24 மணி நேரமும் இரவும்தான் அதிக ஆபத்து.

யாரிடம் கூடுதல் கவனம்? நம் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது. சிறுநீரகம்: மார்ஃபினிலிருந்து உண்டாகும் வீரியமான கழிவுப்பொருள் சிறுநீரில் வெளியேற வேண்டியது, கிரியாட்டினின் 2.1 என்றால் அது உள்ளேயே தங்கும். இவருக்கு ஃபென்டனில் பற்றி அனஸ்தீசியா டாக்டரிடம் கேட்டிருக்கலாம். இதுவரை ஓபியாய்டு பழகாத உடம்பு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த புரோமெத்தசின். குமட்டலுக்கு என்று கொடுத்தது, வேலை செய்தது செடேஷனுக்கு. குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் இருக்கிறது, அது தூங்க வைக்காது. மிடசோலம், டையசெபம், ஃபெனிரமின், பிரிகாபலின், கபாபென்டின் எல்லாம் இதே வரிசைதான். உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி, நுரையீரல் நோய் இருப்பவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

பழக்கத்தில் "ஃபோர்ட்வின்-ஃபினர்கன்" என்று சேர்த்தே சொல்லி ஊசி போடுகிறோம். அதில் ஒன்று ஓபியாய்டு, மற்றொன்று நாம் மேலே பார்த்த புரோமெத்தசின். கண்காணிப்பு அதற்கும் அதேதான்.

பி.சி.ஏ. பம்ப் பட்டனை நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். தூக்கம் வந்தால் அவரால் அழுத்த முடியாது, அதுவே அதன் பாதுகாப்பு. பாசத்தில் மகள் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. இதை உறவினருக்கு நேராகச் சொல்லுங்கள். ஃபென்டனில் பேட்ச் ஒட்டியவரின் முதுகையும் தோளையும் பாருங்கள்: பழையதை எடுக்காமல் புதியது ஒட்டியிருக்கலாம். பேட்சை உரித்த பிறகும் தோலில் தங்கிய மருந்து மணிக்கணக்கில் இறங்கும்.

மூச்சு 8-க்குக் கீழே, அல்லது செடேஷன் 4

ஓபியாய்டை நிறுத்துங்கள், பம்ப் ஓடினால் அதையும். உதவிக்குக் குரல் கொடுங்கள், நோயாளியை விட்டு ஓட வேண்டாம். தோளை உலுக்கி "மூச்சு இழுங்கம்மா" என்று உரக்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்குங்கள், ஆக்சிஜன் மாஸ்க் போடுங்கள். மூச்சு போதவில்லை என்றால் அம்பு பேக். நலோக்சோன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவரைக் காப்பாற்றுவது முதலில் காற்று, அப்புறம்தான் மருந்து.

நலோக்சோன் ஆம்ப்யூல் 1 மி.லி.யில் 400 மைக்ரோகிராம். 9 மி.லி. சலைன் சேர்த்தால் 1 மி.லி.யில் 40 மைக்ரோகிராம். 1 மி.லி. கொடுத்து, 2–3 நிமிடம் பார்த்து, மீண்டும் 1 மி.லி. மூச்சு 10-க்கு மேல் வந்து, கூப்பிட்டால் கண் திறந்தால் நிறுத்துங்கள். அறுவை சிகிச்சை ஆன வயிற்றுக்காரருக்கு 400-ஐயும் ஒரே தள்ளாகத் தள்ளினால் வலி முழுதும் ஒரே நொடியில் திரும்பும். ரத்த அழுத்தம் எகிறும், நுரையீரலில் நீர் கோக்கவும் கூடும். மூச்சே நின்றுவிட்டால் கணக்கு வேறு: பேக் போட்டுக்கொண்டே 400 மைக்ரோகிராம் கொடுக்கலாம். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிராமடால், பியூப்ரினார்ஃபின் என்றால் நலோக்சோன் முழுதாக வேலை செய்யாது.

நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், மார்ஃபின் அதைவிட நீளம். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர் ஒரு மணி நேரத்தில் மறுபடி சரியலாம். கடைசி டோஸிலிருந்து குறைந்தது 2 மணி நேரம் விடாமல் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கும் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து போனவருக்கும் இன்னும் அதிகம்.

வகுப்பில் விவாதிக்க

1. அந்த அம்மாவின் சார்ட்டில் எந்த நேரத்தில் யார் என்ன செய்திருந்தால் 12 மணி நிலைமை வந்திருக்காது? ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு. 9.30-க்கு முன்பே ஒரு விடை இருக்கிறது.

2. கேஸ் ஷீட்டில் செடேஷன் எண் ஒரு இடத்திலும் இல்லை. 9.50, 10.10, 10.40 மூன்றுக்கும் நீங்கள் என்ன கேள்வி கேட்டு, என்ன எண் எழுதியிருப்பீர்கள்?

3. 12.10-க்கு நலோக்சோன் 80 மைக்ரோகிராம் கொடுத்து எழுந்துவிட்டார். 12.40-க்கு மகன், "அம்மா மறுபடி தூங்கிட்டாங்க, விடுங்க சிஸ்டர்" என்கிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்? பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், அடுத்த வகுப்பில் ஒவ்வொருவராக வாசிப்போம்.