நிலுவையிலுள்ள பழுதுபார்ப்புப் பணிகள் தொடர்பாக வீட்டு உரிமையாளருக்குக் கடிதம்

செல்லூர், மதுரை
8.9.2025

விரைவு அஞ்சல், ஒப்புகையுடன்

பெறுநர்: வீட்டு உரிமையாளர் அவர்கள், திருமங்கலம்

பொருள்: மாடி வீட்டின் தள ஒழுகல், சமையலறை மின்கசிவு ஆகியவற்றைச் சரிசெய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வீட்டின் மாடியில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்து, மாத வாடகை ரூ.9,500-ஐ ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்தி வருகிறேன். கடந்த மார்ச் மாதம் தாங்கள் நேரில் வந்திருந்தபோது, சமையலறைக்கு மேல் மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்து தண்ணீர் இறங்குவதைக் காட்டினேன். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்றீர்கள். பிறகு தொலைபேசியில் இருமுறை நினைவூட்டியபோது, ஆடியில் வேலை தொடங்க வேண்டாம் என்றீர்கள். ஆடியில் புதுமனை புகுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஒழுகலை அடைக்கவும் அந்தத் தடை உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது ஆவணியும் முடியப் போகிறது.

இதற்கிடையில் பழுது பெரிதாகிவிட்டது. சென்ற மாதம் பெய்த இரவு மழையில், அடுப்புக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, ஆறவைத்திருந்த பால் சட்டியில் விழுந்தது; அந்த இடத்தில் கம்பி துருவேறித் தெரிகிறது. அதைவிட அஞ்ச வேண்டியது, அந்த ஈரம் சுவருக்குள் இறங்கி சுவிட்ச் பெட்டி வரை வந்திருப்பதாகும். மிக்ஸியைப் போடப் போன என் தாயாருக்கு ஷாக் அடித்ததால், அன்று முதல் அந்தப் பெட்டிக்குரிய ஃபியூசைப் பிடுங்கி வைத்துவிட்டு, கூடத்திலிருந்து வயர் இழுத்துச் சமைக்கிறோம். குளியலறைக் குழாயின் கசிவு சிறிதுதான். ஆனால் அது கீழ் வீட்டுச் சுவரையும் நனைக்கிறது.

குழாய் வாஷர், ஃப்ளஷ் கைப்பிடி போன்றவற்றை என் செலவிலேயே மாற்றிக்கொண்டேன். அவற்றுக்காக எதுவும் கேட்கவில்லை. கட்டடப் பழுது, குழாய் மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்று 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் நியாயமான காலத்துக்குள் செய்து தராவிட்டால், வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளிக்கிறது. இதுவரை வாய்மொழியாகவே சொல்லி வந்ததால், இக்கடிதத்தையே என் எழுத்து மூலமான கோரிக்கையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஐப்பசி மழைக்கு முன் தளம் காய்ந்தாக வேண்டும். எனவே செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமைக்குள் தாங்கள் கொத்தனாருடன் வந்து பார்வையிட்டு, அம்மாத இறுதிக்குள் வேலையைத் தொடங்கித் தர வேண்டும். மின் வேலைக்கு மட்டும் அதுவரை காத்திருக்க இயலாது. இவ்வாரமே எலக்ட்ரீஷியனை அனுப்பி வையுங்கள். இல்லையெனில், நான் விசாரித்த கொத்தனார் சொன்ன ரூ.18,500 மதிப்பீட்டின்படி வேலையைச் செய்து, ரசீதுகளைத் தங்களுக்கு அனுப்பி, அத்தொகையைச் சிறுசிறு தவணைகளாக வாடகையில் கழிக்க நேரிடும். அந்த நிலை வராமல், தாங்களே முன்னின்று செய்வதையே விரும்புகிறேன்.

ஆறு புகைப்படங்களும் மதிப்பீட்டின் நகலும் இத்துடன் இணைத்துள்ளேன். வரும் நாளை முந்தைய நாளே தெரிவித்தால், சமையலறைச் சாமான்களை ஒதுக்கி வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாடி வீட்டு வாடகைதாரர்