திட்டிவாசல்

வேலூர்க் கோட்டையின் கிழக்கு வாசலில் இரட்டைக் கதவு. யானை வந்து முட்டினாலும் அசையாது. அந்தப் பெரிய கதவிலேயே, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அதுதான் திட்டிவாசல். பெரிய கதவுக்கு எட்டுப் பேர் காவல். திட்டிவாசலுக்கு நான் ஒருவன்.

என் வேலை எண்ணுவது. காலையில் யார் வெளியே போனாலும் கலயத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவேன். திரும்பி வந்தால் ஒன்றை எடுத்துவிடுவேன். பொழுது சாயும்போது கலயம் காலியாக இருந்தால் கணையமரத்தை இழுத்துப் போட்டுவிட்டுப் படுக்கலாம். கொட்டைகளைக் கொடுத்தது கூழ்க்கார ஆயா. அகழிக்கரையில் கேழ்வரகுக் கூழ் விற்பாள். நான் விரல் மடக்கி எண்ணித் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் முந்தானையில் முடிந்து கொண்டு வந்து கொட்டினாள். "இத்த வச்சிக்க நைனா. வெரலு பத்துதான் கீது, ஊரு பெருசு" என்றாள்.

மாசி அமாவாசை அன்று நண்பகலிலேயே காக்கைகள் ஊரைவிட்டுப் போய்விட்டன. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்கள், தண்ணீர் உலைநீர் போலக் கொதிக்கிறது என்று வெறுங்குடத்தோடு ஓடி வந்தார்கள். அங்காளம்மன் பூசாரி வந்து தளபதியிடம் சொன்னார்: "இன்னிக்கு ராத்திரி ஆத்து மணல்ல அசுரப் படை எறங்குது. அம்மா எதுக்கப் போறா. மனுசங்க யாரும் வெளிய இருக்க வேணாம்."

சரி என்று தளபதி வழக்கத்துக்கு இரண்டு நாழிகை முன்பே கதவை அடைக்கச் சொன்னார். விடியும்வரை யார் வந்தாலும், யார் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாது. தானே வந்து சொன்னாலும் திறக்கக் கூடாது என்றார். நான் கலயத்தைப் பார்த்தேன். ஏழு கொட்டைகள் இருந்தன.

"ஐயா, ஏழு பேர் வெளியே கீறாங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "அடை" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே சலகண்டேசுவரர் கோயில் மண்டபத்தில் கைக்குழந்தைகளோடு நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணையமரத்தை இழுத்துப் போட்டேன். அந்த ஏழில் ஒன்று ஆயா என்பது எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஊற்றுநீருக்குப் போயிருந்தாள்.

யுத்தத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. பாலாறு இருப்பது வடக்கே. என் வாசல் பார்ப்பது கிழக்கே, மொட்டைப் பாறை மலையை. வடக்குக் கொத்தளத்தில் நின்ற வில்லாளிகள்தான் ஆற்றைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அன்றைக்குப் பிறகு பேச்சு வரவில்லை. நான் கதவுப்பலகையின் இடுக்கு வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமாவாசை இருட்டில் மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. திடீரென்று ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் எழும்பியது. மரம் இல்லாத அந்த மலை முழுக்க, தோல்பாவைக் கூத்தில் திரை கட்டினாற்போல் வெளுத்துப் போயிற்று. அதன்மேல் நிழல்கள் விழுந்தன.

முதலில் கொம்புகள். பிறகு தலைகள். ஒரு தலையின் நிழலே மலையில் பாதியை மூடியது. பத்து, இருபது என்று வந்தன. எண்ணிப் பழகிய மனசு அப்போதும் எண்ணத்தான் பார்த்தது. முடியவில்லை. ஒரு கை ஓங்கினால் மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை இருட்டு ஓடும். அது இறங்கியதற்கு அப்புறம்தான் சத்தம் வந்து சேரும். மதில் நடுங்கி, கற்களின் இடுக்கிலிருந்து மண் உதிரும். அகழியில் முதலைகள் கரையேறி, வாலைச் சுருட்டிக்கொண்டு நாய்க்குட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அப்புறம் அந்த நிழல்களுக்கு எதிரே ஒரே ஒரு நிழல் எழுந்தது. விரிந்த தலைமுடி. இடுப்பில் செருகிய சேலை. வயலில் வேலை செய்கிற பெண் நிமிர்ந்து நிற்பாளே, அப்படித்தான் நின்றாள். என் கையிலிருந்த ஈட்டியை நானே அறியாமல் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

நடுச்சாமத்தில் குரல்கள் தொடங்கின.

"மாரிமுத்து, கதவைத் திற." தளபதியின் குரல். அவர் எனக்குப் பின்னால் கோயில் மண்டபத்தில் இருந்தார். நான் வாய் திறக்கவில்லை. ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கூப்பிட்டாள். அவள் போய் ஆறு வருசம். "குளுருதுடா, தெற" என்றாள். பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அகழிமேல் கிடக்கும் பாலத்தில் மூன்றாவது பலகை யார் மிதித்தாலும் முனகும். குரல்கள் கதவுக்கு அந்தப் பக்கமே கேட்டன. பலகை முனகவே இல்லை.

கடைசிச் சாமத்தில் பலகை முனகியது.

ஒரு காலடி, ஓர் இழுப்பு. ஒரு காலடி, ஓர் இழுப்பு. கூடவே சின்னக் காலடிகள். யாரோ கதவில் சாய்ந்து உட்கார்ந்ததில் பலகை என் முதுகில் அழுந்தியது.

"நைனா, கீறியா?"

நான் பேசவில்லை.

"பேசாத. தெறக்கவும் தெறக்காத. உள்ள புள்ளகுட்டி நெறைய கீது. நாங்க இங்கயே கதவோரமா குந்திகினு கீறோம். வெடியட்டும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "மூணு கொட்டைய மட்டும் எடுத்துடு. கணக்கு தப்பாம இருக்கட்டும்."

அந்த ராத்திரி முழுக்க எத்தனையோ குரல்கள் திற, திற என்றன. திறக்காதே என்று சொன்னது இவள் ஒருத்திதான்.

என் கை கணையமரத்துக்குப் போயிற்று. எட்டுப் பேர் இழுக்கிற மரம் அல்ல. திட்டிவாசலின் மரம் ஒருவன் இழுக்கக்கூடியது. பெரிய கதவுக்காரர்களில் ஒருவர் பார்த்துவிட்டு, "டேய்!" என்று ஓடி வந்தார். அதற்குள் முதல் பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டிருந்தேன். அவர் ஈட்டியை என் கழுத்துக்கு நேரே பிடித்தார். பிள்ளை அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆயாவின் இன்னொரு தோளைப் பிடித்தார். வலது கால் முழங்கால்வரை கருகியிருந்தது. இடுப்பில் குடம் இருந்தது. அதை விட்டுவிட்டு வர அவளுக்குத் தோன்றவில்லை.

கதவைச் சாத்தும்போது மலையைப் பார்த்தேன். ஒரு பெரிய கை ஒடிந்து விழுகிற நிழல். அதோடு வெளிச்சம் அணைந்தது.

விடிந்ததும் இரண்டு ஆண்கள் வந்தார்கள். இரவெல்லாம் மலைப்பக்கத்துக் குகை ஒன்றில் கிடந்திருக்கிறார்கள். இரண்டு கொட்டைகளை எடுத்தேன். ஆற்று மணல் முழுக்க, ஏரி வெட்டியது போலக் காலடிப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஊற்றுநீர் நிறைந்து தெளிந்து கிடந்தது. சனங்கள் வேகவைத்த பயறும் சோறும் கொண்டுபோய் அம்மனுக்காக மணலில் இறைத்தார்கள். நான் பள்ளம் பள்ளமாகப் போய்ப் பார்த்தேன். மற்ற இரண்டு பேரைக் காணவில்லை.

என்னை என்ன செய்வது என்று தளபதி வெகுநேரம் யோசித்தார். பிறகு, "போய் உன் இடத்துல நில்லு" என்றார்.

மறுநாள் வெளியே போனவர்கள் பதினெட்டுப் பேர். சாயங்காலம் பதினெட்டுக் கொட்டைகளையும் எடுத்துவிட்டு, கலயத்தில் அந்த இரண்டும் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தேன். அதன் பிறகே கணையமரத்தை இழுத்துப் போட்டேன்.