அச்சகத்துக்கு மூன்று மாதப் பணக் கணிப்பு: முதல்முறை போடுபவருக்கு

மூன்று மாதக் கணிப்பு என்றதும் மூன்று கட்டம் போட்டு மாத வாரியாக எழுதத் தோன்றும். அப்படிப் போடாதீர்கள். 13 வாரமாகப் பிரித்துப் போடுங்கள். கீழே எடுத்துக்காட்டாகப் போடும் அச்சகம் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கணக்கை மாதக் கடைசி நிலவரமாக மட்டும் பார்த்தால் மூன்று மாதமும் கையில் பணம் இருப்பதாகவே காட்டும். வாரமாகப் பார்த்தால் 10வது வாரம் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கீழே வரும் தொகைகள் எல்லாம் ஆயிரத்தில்.

இது லாப நஷ்டக் கணக்கு இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில் போட்ட தேதிக்கு இங்கே வேலை இல்லை. பணம் வங்கிக்கு வரும் நாளும் வங்கியை விட்டுப் போகும் நாளும்தான் கணக்கு. தேய்மானம் இதில் வராது, ஏனென்றால் அதற்காக யாருக்கும் நீங்கள் பணம் கட்டுவதில்லை. கடன் தவணை அசலும் வட்டியுமாக முழுதாக வரும். வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுக்கும் பணமும் வரும். முதல்முறை போடுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

தொடக்க இருப்பு

வங்கி ஆப்பில் இன்று 240 காட்டுகிறது. ஆனால் நீங்கள் கொடுத்த 35க்கான செக் ஒன்று இன்னும் வங்கிக்குப் போகவில்லை. ஆகவே தொடங்கும் தொகை 205. கல்லாவில் எப்போதும் வைத்திருக்கும் சில்லறையைச் சேர்க்க வேண்டாம், அது செலவுக்கு வராத பணம். ஓவர்டிராஃப்ட் வசதி இருந்தால் அதன் வரம்பையும் இருப்போடு கூட்டாதீர்கள். அது உங்கள் பணம் இல்லை.

வரவு: நேரம் செலவிட வேண்டிய இடம்

கவுன்டரில் ரொக்கமாக வருவதைக் கணிப்பது எளிது. கடந்த 12 வாரத்தை எடுத்து, மிக அதிகமான ஒரு வாரத்தைத் தள்ளிவிட்டு, மீதிக்குச் சராசரி போடுங்கள். உங்களுக்கு வாரம் 30 வருகிறது.

கடன் பாக்கிதான் வம்பு. மொத்தமாக ஒரே தொகை எழுதாமல் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனியாக எடுங்கள். பெட்டி வாங்கும் தொழிற்சாலைக்கு நீங்கள் கொடுத்திருப்பது 30 நாள் தவணை. அவர்களுடைய கடைசி ஆறு பில்லுக்கும் பணம் வந்த நாட்களை எண்ணினால் 41, 44, 46, 46, 52, 53. சராசரி 47. கணிப்பில் போட வேண்டியது இந்த 47தான், பில்லில் அச்சடித்திருக்கும் 30 அல்ல. 30 நாள் என்று போட்டுவிட்டால் அட்டவணை முழுவதும் இரண்டரை வாரம் முன்கூட்டியே பணம் வந்துவிட்டதாக நம்பி ஓடும்.

பழைய பாக்கி நான்கு. லேபிள் வாங்கும் மருந்துக் கம்பெனியின் 80 இரண்டாம் வாரம் வரும். புத்தக விநியோகஸ்தரின் 120 மூன்றாம் வாரம். திருமண அழைப்பிதழ் ஏஜெண்டின் 60 ஐந்தாம் வாரம். நான்காவது, நிறம் சரியில்லை என்று ஆறு மாதமாகத் தகராறில் கிடக்கும் 40. அதற்குப் பூஜ்யம் போடுங்கள். வந்தால் சந்தோஷம், ஆனால் சம்பளத்தை அதை நம்பி வைக்கக் கூடாது.

இனிமேல் போடப்போகும் பில்கள்: தொழிற்சாலைக்கு இரண்டாம் வாரக் கடைசியில் (14வது நாள்) 90, நான்காம் வாரக் கடைசியில் (28வது நாள்) 180. 47 நாள் கூட்டினால் முதல் பில் 61வது நாள், அதாவது 9வது வாரம் வரும். அடுத்தது 75வது நாள், 11வது வாரம். எட்டாம் வாரக் கடைசியில் போடும் பில்லின் பணம் 15வது வாரத்தில்தான் வரும் என்பதால் இந்த அட்டவணைக்குள் வரவே வராது. பில் தொகையை விற்பனை வரியோடு சேர்த்தே எழுதுங்கள், வாடிக்கையாளர் அனுப்புவது அதுதான். வரியைச் செலவுப் பக்கம் தனி வரியாகக் காட்டினால் போதும்.

செலவு

தேதி தெரிந்தவற்றை முதலில் நிரப்புங்கள். கணிப்பு மாதத்தின் முதல் தேதியில் தொடங்குகிறது. முதல் மாதத்துக்கு 30 நாள், அடுத்ததற்கு 31.

வாடகை 30, ஐந்தாம் தேதி: வாரம் 1, 5, 10. கடன் தவணை 28, பத்தாம் தேதி: வாரம் 2, 6, 11. மின் கட்டணம் 12: வாரம் 3, 7, 11. விற்பனை வரி 20ஆம் தேதி: மூன்றாம் வாரம் 22, எட்டாம் வாரம் 25, பன்னிரண்டாம் வாரம் 24. சம்பளம் 90, மாதக் கடைசி: வாரம் 5, 9, 13. வாராவாரம் மை, வண்டி வாடகை, சில்லறைப் பழுது 5, உங்கள் வீட்டுக்கு 10. காகிதக்காரருக்குப் பழைய பில் 70 இரண்டாம் வாரம், புதிய பில்கள் 60 வீதம் ஆறாம் வாரமும் பத்தாம் வாரமும். வாங்கிய நாளில் எழுதாமல் கட்டும் நாளில் எழுத வேண்டும். மாதாமாதம் வராததால் மறந்துபோகும் செலவும் ஒன்று இருக்கிறது: இயந்திரக் காப்பீடு 45, எட்டாம் வாரம். இப்படி ஒளிந்திருப்பதைப் பிடிக்கக் கடந்த ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒரு முறை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

இவற்றோடு தொழிற்சாலை கொடுத்திருக்கும் 300க்கான பெரிய ஆர்டர். நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கான தடித்த அட்டையை ஏழாம் வாரம் ரொக்கமாக 130 கொடுத்து வாங்க வேண்டும். பத்தாம் வாரக் கடைசியில் பில் போட்டால் பணம் 17வது வாரம்தான் வரும். அதுவரை அந்த 130ஐச் சுமப்பது நீங்கள்.

தாளில் அமைப்பது

A நெடுவரிசையில் தலைப்புகள், B முதல் N வரை 13 வாரங்கள். 2வது வரி தொடக்க இருப்பு. 3 முதல் 6 வரை வரவு: ரொக்கம், பழைய பாக்கி, தொழிற்சாலை, அட்வான்ஸ். 7இல் வரவுக் கூட்டல். 8 முதல் 16 வரை செலவு, அட்டையைக் காகித வரியிலேயே எழுதுங்கள். 17இல் செலவுக் கூட்டல். 18 இறுதி இருப்பு. B2இல் மட்டும் 205 என்று கையால் எழுதுங்கள்.

```
B7:  =SUM(B3:B6)
B17: =SUM(B8:B16)
B18: =B2+B7-B17
C2:  =B18
```

B7, B17, B18 மூன்றையும் N வரை இழுத்துவிடுங்கள். C2ஐயும் அப்படியே N வரை. செலவுகளைக் கழித்தல் குறி இல்லாமல் எழுதுங்கள். குறி போட்டால் B18 அதைக் கூட்டிவிடும், பணம் பெருகிக்கொண்டே போவதாகக் காட்டும்.

| வாரம் | வரவு | செலவு | இறுதி இருப்பு |
|---|---|---|---|
| 1 | 30 | 45 | 190 |
| 2 | 110 | 113 | 187 |
| 3 | 150 | 49 | 288 |
| 4 | 30 | 15 | 303 |
| 5 | 90 | 135 | 258 |
| 6 | 30 | 103 | 185 |
| 7 | 30 | 157 | 58 |
| 8 | 30 | 85 | 3 |
| 9 | 120 | 105 | 18 |
| 10 | 30 | 105 | -57 |
| 11 | 210 | 55 | 98 |
| 12 | 30 | 39 | 89 |
| 13 | 30 | 105 | 14 |

சரிபார்க்க: மொத்த வரவு 920, மொத்தச் செலவு 1111. 205 + 920 - 1111 = 14. கடைசிக் கட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் சூத்திரத்தை அழித்து எண்ணைத் தட்டியிருக்கிறீர்கள்.

அட்டவணையைப் படிப்பது

நான்காம் வாரம் 303 இருக்கும்போதுதான் புது மெஷின் பார்க்கலாமா என்று தோன்றும். அங்கிருந்து ஆறு வாரத்தில் 360 கரைகிறது. அந்த 303இல் பெரும்பகுதி சம்பளத்துக்கும் காகிதத்துக்கும் ஏற்கனவே வாக்குக் கொடுத்த பணம்.

ஒன்பதாம் வாரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 18 மிஞ்சுவதாகத் தெரிகிறது. ஆனால் சம்பளம் 61வது நாள், தொழிற்சாலையின் 90 வரவேண்டியதும் அதே 61வது நாள். வாரம் தொடங்கும்போது கையில் 3தான் இருக்கிறது. அவர்கள் ஒரு நாள் தள்ளினால் அன்றைக்குச் சம்பளம் போட முடியாது. இப்படிப்பட்ட வாரத்தை மட்டும் நாள் நாளாகப் பிரித்து ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்கள். மற்ற வாரங்களுக்கு அந்த உழைப்பு வேண்டாம்.

அடுத்து இதே தாளைப் பிரதி எடுத்து, தொழிற்சாலையின் இரண்டு வரவையும் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். ஒன்பதாம் வாரம் -72, பத்தாம் வாரம் -147. இது மிகையான பயம் இல்லை, அவர்கள் ஏற்கனவே 53 நாள் எடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் இன்னும் எட்டு நாள் தள்ளினால் இதுதான் நிலை. வங்கியிடம் ஓவர்டிராஃப்ட் கேட்பதானால் -57ஐ வைத்துக் கேட்காதீர்கள், -147ஐ வைத்துக் கேளுங்கள். நான்காம் ஐந்தாம் வாரத்திலேயே, இருப்பு நன்றாக இருக்கும்போதே, இந்த இரண்டு தாளையும் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.

ஓட்டையை அடைப்பது

எந்த வாரமும் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாமல், அதாவது 90 இருக்க வேண்டும் என்று ஒரு தரைமட்டம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாரம் 7, 8, 9, 10, 12, 13 ஆறும் அதற்குக் கீழே இருக்கின்றன.

முதலில் பெரிய ஆர்டருக்கு 40 சதவீத அட்வான்ஸ் கேளுங்கள். "அட்டை முழுக்க உங்கள் அளவுக்கே வாங்குகிறேன், வேறு யாருக்கும் பயன்படாது" என்பது கேட்பதற்குப் போதுமான காரணம். ஏழாம் வாரம் 120 வந்தால் பத்தாம் வாரம் -57 என்பது 63 ஆகிறது. அடுத்து காப்பீட்டை எட்டாம் வாரம் முதல் மாதம் 15ஆக மூன்று தவணையில் கட்ட முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது தவணை இந்த அட்டவணைக்கு வெளியே போய்விடும். சில இடங்களில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள், அதையும் சேர்த்துப் போடுங்கள். கூடுதல் இல்லையென்றால் பத்தாம் வாரம் 93, பதின்மூன்றாம் வாரம் 149. தரைமட்டத்துக்கு மேலே வந்துவிட்டது.

செய்யக் கூடாதது, வரி கட்ட வைத்த பணத்தை எடுத்துக் காகிதக்காரருக்குக் கொடுப்பது. காகிதக்காரரிடம் ஒரு போன் செய்து பத்து நாள் கேட்கலாம். வரியைத் தாமதித்தால் வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

திங்கட்கிழமை வேலை

வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். முடிந்த வாரத்தின் கணிப்புக்குப் பக்கத்தில் உண்மையில் வந்ததையும் போனதையும் எழுதுங்கள். கணிப்பை அழித்துவிடாதீர்கள், இரண்டையும் ஒப்பிட்டால்தான் எங்கே தவறினோம் என்று தெரியும். வித்தியாசம் இருந்தால் தள்ளிப்போனதா, தொகையே மாறியதா என்று குறியுங்கள். தள்ளிப்போனது என்றால் அந்தத் தொகையை வரும் வாரம் ஒன்றில் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் அட்டவணையிலிருந்தே காணாமல் போய்விடும். அந்த வாடிக்கையாளரின் சராசரி நாள் கணக்கையும் அப்போதே திருத்துங்கள். பிறகு இறுதி இருப்பை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் 14வது வாரத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் திங்கட்கிழமையே மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டு 80 எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் தேதியை அந்தக் கட்டத்தில் குறிப்பாக எழுதிவையுங்கள்.