வேலை விண்ணப்பத்துக்கு உங்கள் பரிந்துரை வேண்டி

2025 ஜூன் 9
மெல்பேர்ண்

மதிப்பிற்குரிய சேருக்கு,

வணக்கம். நீங்களும் அன்ரியும் நலம்தானே? புறக்கோட்டை அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருந்த கௌசலா எழுதுகிறேன். நாளை பொசன் போயா விடுமுறை என்பதால், ஆறுதலாக வாசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்று இன்றைக்கே அனுப்புகிறேன்.

இங்கே மருத்துவப் பொருட்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், வழங்குநர்களுக்கான கொடுப்பனவுகளைப் பார்க்கும் பதவிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. இனி, முன்பு வேலை செய்த இடத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவரிடம் என்னைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறார்கள். ஐந்தரை வருடம் என் வேலையை நேரில் பார்த்தவர் நீங்கள். உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் அவர்களிடம் கொடுக்கலாமா சேர்? உங்கள் சம்மதம் கிடைக்கும் வரை கொடுக்க மாட்டேன்.

விலகும்போது நீங்கள் தந்த சேவைக் கடிதம் கையில் இருக்கிறது. ஆனால் அதில் பதவியும் திகதிகளும் மட்டுமே உள்ளன. இவர்களுக்கு, நான் என்ன வேலை செய்தேன், எப்படிச் செய்தேன் என்பது தெரிய வேண்டும். கம்பனிக் கடிதத்தாளில், ஆங்கிலத்தில், உங்கள் கையொப்பத்தோடு ஒரு பக்கம் போதும்.

உங்கள் நினைவுக்காகச் சிலவற்றைத் தருகிறேன். 2017 ஓகஸ்டில் கணக்கு எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். 2020 ஜூலையில் கணக்கு நிறைவேற்று அலுவலராக உயர்த்தினீர்கள். 2023 பெப்ரவரி 28 அன்று, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகினேன். பருப்பு, கடலை வழங்குநர்களின் பில்கள், எல்.சி. ஆவணங்கள், மாதாந்த வங்கிக் கணக்கு ஒப்பீடு, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதத்தையும் கம்பனியின் 12 வீதத்தையும் கணக்கிட்டு அனுப்புவது, இவைதான் என் பொறுப்பில் இருந்தன.

இவற்றில் 2022ஆம் ஆண்டைப் பற்றி இரண்டு வரி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். மார்ச்சில் 200 சொச்சமாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. வங்கிகளில் எல்.சி. திறக்க முடியாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் நின்றன, தாமதக் கட்டணம் நாளாந்தம் ஏறிக்கொண்டே போனது. எந்த வழங்குநருக்கு எவ்வளவு, எந்த விலையில், எந்தத் திகதிக்குள் என்று தினமும் ஒரு தாள் எழுதிக் காலையில் உங்கள் மேசையில் வைப்பேனே, அதைத்தான் சொல்கிறேன். அதே வருடம் வற் வரி ஜூனில் 12 வீதமாகவும் செப்டெம்பரில் 15 வீதமாகவும் மாறியபோது பழைய, புதிய பில்களைப் பிரித்து வைத்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நேர்முகத்தில் இதைச் சொன்னேன், மிகவும் கவனமாகக் கேட்டார்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் அதற்குப் பெறுமதி.

என் குறைகளைப் பற்றியும் கேட்பார்கள் சேர். தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 2018இல் ஒரே பில்லுக்கு இரண்டு முறை காசோலை எழுதிவிட்டேன். நீங்கள் சத்தம் போடாமல் பக்கத்தில் இருந்து, பில் இலக்கத்தை லெட்ஜரோடு ஒப்பிட்ட பிறகே காசோலையைத் தொட வேண்டும் என்று காட்டித் தந்தீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பிழை ஒருபோதும் நேரவில்லை. இதை மறைக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. இன்றைக்கும் அந்தப் பழக்கத்தோடுதான் வேலை செய்கிறேன்.

நீங்கள் சரி என்றால், அவர்களின் மனிதவளப் பகுதியிலிருந்து கேள்விகளோடு ஒரு மின்னஞ்சல் வரும். அப்புறம் தொலைபேசியிலும் பேசக்கூடும். இப்போது கொழும்பைவிட இங்கே நாலரை மணித்தியாலம் முந்தியது. கொழும்பு நேரம் காலை 9 முதல் 11.30 வரை உங்களுக்குத் தோதுப்படுமா? வேறு நேரம்தான் வசதி என்றால் அதையே அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் ஜூன் 20ஆம் திகதிக்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும். ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பினால் போதும், மூலப்பிரதி தபாலில் தேவையில்லை.

மாத நடுப்பகுதி உங்களுக்கு எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். முடியாமல் போனால், அல்லது எழுதுவது உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால், தயங்காமல் ஒரு வரி அனுப்புங்கள். எனக்கு மனவருத்தம் இருக்காது, வேறு ஒழுங்கு செய்வேன்.

என் இடத்தில் இப்போது இருக்கும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அன்ரிக்கு என் அன்பு.

நன்றியுடன்,
கௌசலா