இளஞ்சிறார் குற்றச் செயல்களின் காரணங்கள்: கருத்தரங்க வினாக்கள்

உதகமண்டலத்தில் முதுகலைக் குற்றவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கென நடைபெறவுள்ள மூன்று அமர்வுகளுக்கான வினாக்கள் இவை. ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்தக் கோட்பாட்டை ஆதரித்தாலும், அதைக் கைவிடச் செய்யக்கூடிய தரவு எப்படி இருக்கும் என்பதையும் அக்குறிப்பில் ஒரு வாக்கியத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாத குறிப்பு, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், விவாதத்துக்கு உதவாது.

சொற்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறார் தொடர்பான நடவடிக்கைகளில் களங்கம் ஏற்படுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே ‘இளங்குற்றவாளி’ என்ற சொல்லை நாம் பயன்படுத்த மாட்டோம். ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ என்றே எழுதுவோம். அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. நகரத்தில் பெயரை மட்டும் நீக்கினால் போதுமானதாக இருக்கலாம். நாற்பது வீடுகள் கொண்ட ஒரு எஸ்டேட் குடியிருப்பில் தந்தையின் தொழிலையும் நடந்த மாதத்தையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனவே உங்களுக்குத் தெரிந்த உண்மை நிகழ்வு எதையும் அமர்வில் எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது.

வினா 1. எதை எண்ணுகிறோம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நாடு முழுவதும் சிறார்மீது பதிவான வழக்குகள் 2021இல் 31,170, 2022இல் 30,555. இந்த 615 வழக்குகளின் குறைவு, சிறாரின் நடத்தையில் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டுகிறதா, காவல்துறையின் பதிவு முறையில் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டுகிறதா? விடை எழுதுமுன் 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளைப் படியுங்கள். கொடுங்குற்றம் எனக் கருதப்படும் செயலிலும், வயதுவந்தோருடன் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும் செயலிலும் தவிர, சிறார்மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கூடாது என்றும், மற்றவற்றை நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையுடன் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. இவ்விதியை ஒரு நிலையம் கண்டிப்பாகப் பின்பற்றி, மற்றொரு நிலையம் பின்பற்றாவிட்டால், இரண்டின் எண்ணிக்கைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

வினா 2. சிறிய எண்களும் பெரிய விளக்கங்களும்

இந்த வினாவுக்கு முதல் அமர்வின் பெரும்பகுதியை ஒதுக்க விரும்புகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. இவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதோர் 2 லட்சம் பேர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2022க்கான தேசிய விகிதம், ஒரு லட்சம் சிறாருக்கு 6.9 வழக்குகள். அதே விகிதம் இங்கும் பொருந்தினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 14 வழக்குகள் எதிர்பார்க்கலாம்.

இப்போது கணக்கிடுங்கள். அடிப்படைக் காரணங்கள் எதுவும் மாறாமலேயே, தற்செயலால் மட்டும், இந்த 14 ஓராண்டில் 7 ஆகவும் மறு ஆண்டில் 21 ஆகவும் வரக்கூடும். அப்படி வந்தால், ‘மலையில் சிறார் குற்றம் மும்மடங்கு’ என்று யாரேனும் எழுதுவார்கள். உடனே கைப்பேசி, போதைப்பொருள், தேயிலை விலை, வெளிமாநிலத்திலிருந்து வரும் தொழிலாளர் குடும்பங்கள் என ஆளுக்கொரு காரணம் கிளம்பும். இவற்றுள் எதுவும் உண்மையாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்தின் ஆண்டு எண்ணிக்கையைக் கொண்டு இவற்றுள் ஒன்றையேனும் மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியுமா என்பதே வினா. எத்தனை ஆண்டுகளைச் சேர்த்தால் முடியும்? உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்களாகப் பிரித்தால் நிலைமை மேம்படுமா, மோசமாகுமா? சிகாகோ நகரின் பகுதிகளை ஒப்பிட்டு ஷாவும் மெக்கேயும் 1942இல் முன்வைத்த சமூகச் சீர்குலைவுக் கோட்பாடு, வழக்குகள் ஆயிரக்கணக்கில் இருந்த ஒரு பெருநகரத்தில் பிறந்தது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

வினா 3. ‘பெரும்பாலானோர் பெற்றோருடன் வாழ்பவர்கள்’

ஆவணக் காப்பகம், பிடிபட்ட சிறாரைப் பெற்றோருடன் வாழ்வோர், பாதுகாவலருடன் வாழ்வோர், வீடற்றோர் என வகைப்படுத்துகிறது. ஆண்டுதோறும் மிகப் பெரும்பான்மையினர் முதல் வகையில்தான் இருக்கிறார்கள். இதை வைத்து, குடும்பப் பிணைப்பு தளர்வதே காரணம் என்னும் ஹிர்ஷியின் சமூகக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு பொய்த்துவிட்டது என்று வாதிடும் கட்டுரைகளை மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். அந்த வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. இரண்டையும் கண்டுபிடித்து எழுதுங்கள்.

ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். எந்த வழக்கும் இல்லாத சிறாரிலும் மிகப் பெரும்பான்மையினர் பெற்றோருடன்தான் வாழ்கிறார்கள். இரு விகிதங்களையும் அருகருகே வைக்காதவரை முதல் விகிதம் எதையும் சொல்லாது. இரண்டாவது பிழை, ‘உடன் வாழ்வது’ என்பதற்கும் ‘பற்றுடன் இருப்பது’ என்பதற்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. அதிகாலையில் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் தாயும், வாரத்தில் ஐந்து நாள் கோயம்புத்தூரில் தங்கி வேலை செய்யும் தந்தையும் கணக்கெடுப்பில் ‘பெற்றோர்’ என்றே பதிவாவார்கள். ஆனால் அந்தத் தாய் வீட்டில் இல்லாததைப் பற்றின்மையாக எண்ணிவிடாதீர்கள். மகன் எங்கே இருக்கிறான் என்பது வரிசையில் உள்ள பத்து வீடுகளுக்கும் தெரிந்திருக்கலாம். மேற்பார்வை பெற்றோரிடமிருந்துதான் வர வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறதா, அல்லது அதை வகுத்தவர்கள் வாழ்ந்த சமூகம் சொல்கிறதா?

இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டியது குளூக் தம்பதியர் பாஸ்டனில் திரட்டிய தரவு. சட்டத்துடன் முரண்பட்ட 500 சிறுவர்களையும், அவ்வாறு இல்லாத 500 சிறுவர்களையும் வயது, இனப் பின்னணி, அறிவுத்திறன், வசிப்பிடம் ஆகியவற்றில் இணை இணையாகப் பொருத்தி அவர்கள் ஒப்பிட்டார்கள். பின்னாளில் சாம்ப்சனும் லாபும் அதே தரவை மீண்டும் ஆராய்ந்து, வறுமையின் தாக்கம் பெரும்பாலும் கண்காணிப்பு, கண்டிப்பு, பற்று ஆகிய குடும்ப நடைமுறைகளின் வழியாகவே வருகிறது என்று 1993இல் எழுதினார்கள். நம்மிடம் இல்லாதது அந்த இரண்டாவது 500 பேர். ஆனாலும் குளூக் தரவிலும் ஒரு குறை உண்டு: அந்த முதல் 500 பேரும் சீர்திருத்த நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள். கண்டிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளையை நீதிபதி நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கவும், ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளையை வீட்டுக்கே அனுப்பியிருக்கவும் கூடுமல்லவா? அப்படியானால் நாம் அளப்பது குற்றத்தின் காரணத்தையா, காவலில் வைப்பதன் காரணத்தையா?

வினா 4. சீசனும் ஏக்கமும்

சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டி, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைக்கும்போது நெருக்கடி பிறக்கிறது என்று மெர்ட்டன் 1938இல் எழுதினார். ஏப்ரல், மே மாதங்களில் இங்கு வந்து போகும் வாகனங்களையும் விடுதிகளையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரையின் கீழ் வாழும் பிள்ளைகளையும் பார்ப்பவருக்கு இந்தக் கோட்பாடு உடனே பிடித்துவிடும். பிடித்துப்போவதைச் சான்றாகக் கொள்ள முடியாது. கோடை மாதங்களில் திருட்டு வழக்குகள் கூடுவதாக ஒரு நிலையத்தின் பதிவேடு காட்டினால், அதற்கு நெருக்கடியல்லாத குறைந்தது மூன்று விளக்கங்களைத் தாருங்கள். பள்ளி விடுமுறையும், திருடத்தக்க பொருள்களின் பெருக்கமும், புகார் கொடுக்கத் தயங்காத வெளியூர்க்காரர்களின் வருகையும் ஒரே மாதத்தில்தான் நிகழ்கின்றன. இவற்றைப் பிரித்துக் காட்டக்கூடிய ஒப்பீடு ஒன்றை வடிவமையுங்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் செல்லாத வட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது ஒரு தொடக்கமாக இருக்கலாம்.

வினா 5. கூட்டாளிகள்

தீய நடத்தையும் மற்ற நடத்தையைப் போலவே நெருங்கிய குழுவில் கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார் சதர்லேண்ட். ஏற்கெனவே முரண்பட்டவர்கள்தாம் ஒருவரையொருவர் தேடிச் சேர்கிறார்கள் என்றனர் குளூக் தம்பதியர். நான்கு சிறுவர்கள் ஒன்றாகப் பிடிபட்ட ஒரு வழக்கு இவ்விரண்டுக்கும் சமமாகப் பொருந்துகிறது. எது முதலில் நிகழ்ந்தது என்பதை அறிய, ஒரே சிறுவனை எத்தனை முறை, எந்த வயதுகளில் சந்திக்க வேண்டும்?

வினா 6. வயதும் அழிக்கப்படும் ஆவணமும்

2022இல் பிடிபட்ட 37,780 சிறாரில் 29,690 பேர், அதாவது 78.6 விழுக்காட்டினர், 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். டெர்ரி மொஃபிட் 1993இல் இரு வகையினரைப் பிரித்தார்: பதின்பருவத்தோடு நின்றுவிடுவோர் மிகப் பலர், சிறு வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடர்வோர் மிகச் சிலர். பிலடெல்பியாவில் 1945இல் பிறந்த 9,945 சிறுவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த உல்ஃப்காங் குழுவினர், அவர்களுள் 627 பேர் மட்டுமே மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்ததைக் கண்டனர். மேற்சொன்ன 29,690 பேரில் எத்தனை பேர் எந்த வகையினர் என்பதை ஓராண்டின் கணக்கு சொல்லவே முடியாது.

சிக்கல் இதோடு முடியவில்லை. நம் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் சிறாரின் தண்டனை ஆவணங்களை அழிக்க ஆணையிடச் சொல்கிறது. அது சரியான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவனுடைய பதினாறாம் வயது அவனுடைய முப்பதாம் வயதைத் துரத்தக் கூடாது. ஆனால் அதனாலேயே, பிலடெல்பியா ஆய்வைப் போன்ற ஒன்றை நம் அரசு ஆவணங்களைக் கொண்டு செய்ய இயலாது. இச்சட்டத்தை மீறாமல் மொஃபிட்டின் கோட்பாட்டைச் சோதிக்க என்ன வழி? மேலும், 16 வயது நிரம்பியவர்மீது கொடுங்குற்றம் சுமத்தப்படும்போது 15ஆம் பிரிவின்படி குழுமம் செய்யும் முதற்கட்ட மதிப்பீட்டில், ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய கோட்பாட்டைத் தனி ஒரு சிறுவன்மீது ஏற்றிச் சொல்ல எவருக்கேனும் அடிப்படை இருக்கிறதா?

வினா 7. பெண் பிள்ளைகள்

உல்ஃப்காங், குளூக் ஆகியோரின் தரவுகள் முழுவதும் ஆண் பிள்ளைகளைப் பற்றியவை. லண்டனில் 1961இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வின் 411 பேரும் சிறுவர்களே. வறுமை, தளர்ந்த பிணைப்பு, பள்ளியிடைநிற்றல் ஆகியவை சிறுமிகளையும் தாக்குகின்றன. வழக்குகளில் அவர்கள் மிகச் சிலர். மேலே பேசிய கோட்பாடுகளுள் எது இதை விளக்குகிறது?

வினா 8. முத்திரை

ஒரு முறை காவல் நிலையம் போய் வந்த சிறுவனை ஊரே அப்படிப் பார்க்கத் தொடங்குவதால் அவன் அப்படியே ஆகிவிடுகிறான் என்பது முத்திரைக் கோட்பாட்டின் சாரம். சிறிய ஊரில் இது வலுவாக இருக்கும் என்று தோன்றுகிறது. எல்லோருக்கும் அவனைத் தெரியும். ஆனால் எல்லோருக்கும் தெரிவதாலேயே, அவன் செய்த நன்மைகளும் நினைவில் இருக்கும், ஏற்றுக்கொள்வதும் எளிதாகும் என்றும் வாதிடலாம். கூர்நோக்கு இல்லத்திலிருந்து தோட்டக் குடியிருப்புக்குத் திரும்பியவர்களையும் நகரத்துக்குத் திரும்பியவர்களையும் ஒப்பிட்டால், எந்த முடிவு எந்தப் பக்கத்தை ஆதரிக்கும் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

வினா 9. உதவியின் விளைவு

மாசசூசெட்ஸில் 1939 முதல் 1945 வரை நடந்த கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டத்தில் 506 சிறுவர்கள் இணைகளாகப் பொருத்தப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டும் ஆலோசனை, பாட உதவி, கோடை முகாம் ஆகியவை அளிக்கப்பட்டன. உதவி பெற்றவர்களில் பலர் அதை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் 1978இல் வெளியிட்ட தொடராய்வில், சில அளவீடுகளில் உதவி பெற்றோர் பெறாதோரைவிட மோசமான நிலையில் இருந்தனர். கூடலூர்ப் பகுதியில் பள்ளியை விட்ட பிள்ளைகளுக்காக மாலை நேர மையம் ஒன்று தொடங்கக் கருத்துக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுத்த பிள்ளைகளை ஒரே அறையில் கூட்டுவதைப் பற்றி வினா 5இன் இரு தரப்பினரும் என்ன சொல்வார்கள்? மையத்தைத் திறக்கும் நாளன்றே, பத்தாண்டுக்குப் பின் அது நன்மை செய்ததா என்று அறிவதற்காக, எந்தப் பிள்ளைகளைப் பற்றிய எந்தத் தகவலை, யாருடைய ஒப்புதலுடன் பதிவு செய்து வைப்பீர்கள்?